பாய்கள் புளித்த மாரிகாலம்

யோகாப் பாய் என்ற ஒன்றை நான் முதன்முதலாகக் கண்டது லண்டனில்தான். தோர்ண்டன் ஹீத்தில் ஒரு தேவாலயத்துக்குப் பின்னால் இருந்த மண்டபத்தில் எனக்குத் துப்புரவு வேலை கிடைத்திருந்தது. தொண்ணூறுகளின் தொடக்கம். யாழ்ப்பாணத்தில் ஒரு பெண்கள் பாடசாலையில் உயிரியல் படிப்பித்தவள் நான். இங்கே வந்து ஐந்து வருடமாகியும் அந்தப் படிப்பைக் கேட்பார் இல்லை. காலை எட்டு மணிக்கு மண்டபத்தைத் திறந்து, நிலம் துடைத்து, கதிரைகளை அடுக்கி, அன்றைக்கு வருகிறவர்களுக்கு வேண்டியதை எடுத்து வைப்பதுதான் வேலை.

செவ்வாயும் வியாழனும் காலையில் யோகா வகுப்பு. பன்னிரண்டு பச்சைப் பாய்கள். வீட்டுக் கம்பளத்துக்கு அடியில் வழுக்காமல் இருக்க விரிப்பார்களே, அந்தச் சாமானின் பெரிய சுருளை வாங்கி, வகுப்பு எடுக்கும் அம்மாவே அந்த வருட வசந்தத்தில் கத்தரிக்கோலால் ஆள் நீளத்துக்கு வெட்டியவை. தொட்டால் விரலோடு லேசாக ஒட்டும். உற்றுப் பார்த்தால் முழுக்கச் சின்னச் சின்னக் குழிகள்.

அந்த அம்மாவுக்கு அறுபது வயதிருக்கும். ஒல்லியான ஆங்கிலேயப் பெண். முதல் நாள் என்னைக் கண்டதும் இரண்டு கைகளையும் கூப்பி, "உங்களுக்கு இதெல்லாம் சிறு வயதிலிருந்தே தெரிந்திருக்குமே" என்றார். நான் வாழ்க்கையில் ஒரு ஆசனமும் செய்ததில்லை, தவளை அறுக்கத்தான் படிப்பித்தேன் என்று எப்படிச் சொல்வது? சிரித்து வைத்தேன். அவர் நல்லவர். நான் குனிந்து நிலம் துடைத்தால் தன் காலணியைத் தூக்கிக்கொண்டு வழி விடுவார். வேலைக்காரியிடம் பேசுவது போல ஒருநாளும் பேசியதில்லை.

வகுப்புக்கு வருகிறவர்களில் ஓய்வு பெற்ற பெண்கள் சிலர், இரவு ஷிப்ட் முடித்து வரும் ஒரு தாதி, முதுகுவலிக்கு வைத்தியர் சொல்லி வந்த ஒரு பஸ் சாரதி. வகுப்பு முடிந்ததும் அம்மா ஒரு போத்தலோடு பாய் பாயாகப் போவார். தண்ணீரில் லாவண்டர் எண்ணெயும் கொஞ்சம் சவர்க்காரமும் கலந்தது. தாராளமாகத் தெளித்து ஒரு துணியால் இழுத்துவிட்டு, உடனே இறுக்கிச் சுருட்டிப் பட்டி கட்டித் தருவார். நான் வாங்கி அலுமாரியில் அடுக்கிப் பூட்டுவேன். பன்னிரண்டரைக்கு வேறு ஆட்களின் வகுப்பு. அதற்குள் மண்டபம் காலியாக வேண்டும்.

அந்த வருடம் ஐப்பசி முடிய மழை விடவேயில்லை. குளிருக்காக மண்டபத்துக்குச் சூடு போடத் தொடங்கிய இரண்டாவது கிழமை, செவ்வாய்க்கிழமை காலை, அலுமாரியைத் திறந்ததும் முகத்தில் அடித்தது. புளித்த வாடை. நாள்பட்ட தயிரும் காலிலிருந்து கழற்றிய ஈரச் சப்பாத்தும் சேர்ந்தது போல. அதன் மேல் லாவண்டர். தனியாக ஒன்றைத் தாங்கலாம். இரண்டும் சேர்ந்தபோது அலுமாரிக் கதவை மறுபடி சாத்தினேன்.

அம்மா அன்றைக்கு இரண்டு மடங்கு லாவண்டர் தெளித்தார். வியாழன் இன்னும் மோசம். தாதி, மூக்கை முழங்கையில் வைத்துக்கொண்டு, குப்புறப் படுக்கும் ஆசனம் தன்னால் செய்ய முடியாது என்றார். பஸ் சாரதி தன் பாயைக் கொண்டுபோய்க் கதவடியில் விரித்தார்.

மண்டபத்தைப் பார்த்துக்கொள்கிறவர் ஒரு முன்னாள் தபால்காரர். என்னுடைய மேலாளர் அவர்தான். அலுமாரிக்குள் தலையை நீட்டிப் பார்த்துவிட்டு, என்னைப் பார்க்காமல் சொன்னார்: "இது சனிக்கிழமை ஆட்களின் சமையல். எண்ணெய். அது எதிலும் ஏறும்."

சனிக்கிழமை ஆட்கள் என்றால் நாங்கள். அதே மண்டபத்தில் காலை பத்து முதல் ஒரு மணி வரை எங்கள் பிள்ளைகளுக்குத் தமிழ்ப் பள்ளி நடந்தது. இடைவேளைக்குத் தாய்மார் முறை வைத்து மீன் அடைத்துப் பொரித்த ரோல்ஸ், வடை, கடலை என்று கொண்டு வருவோம். அலுமாரி இருந்தது மேடைக்குப் பக்கத்தில். நாங்கள் சாப்பாடு வைக்கும் மேசை மற்ற மூலையில். "விளங்குது" என்று மட்டும் ஆங்கிலத்தில் சொன்னேன்.

பக்கத்தில் நின்ற யோகா அம்மாவுக்கு முகம் சிவந்தது. "அது நியாயமில்லாத பேச்சு" என்று அவரிடம் சொன்னார். எனக்காக அந்த மண்டபத்தில் ஒருவர் குரல் உயர்த்தியது அதுதான் முதல் தடவை. ஆனாலும் அடுத்த கிழமை மண்டபக் குழுவிடமிருந்து தமிழ்ப் பள்ளிக்குக் கடிதம் வந்தது. உணவு கொண்டு வருவதை நிறுத்தினால் நல்லது, வாடை தொடர்ந்தால் சனிக்கிழமை வாடகையைப் பற்றி மறுபடி யோசிக்க வேண்டி வரும் என்று மிக மரியாதையாக எழுதியிருந்தார்கள்.

இதில் எனக்கு இன்றும் வெட்கமான பகுதி ஒன்று உண்டு. தபால்காரர் சொன்னதை நான் நம்பினேன். அந்தக் காலத்தில் எங்கள் வீடுகளில் எதையாவது பொரிக்க முதல் கோட்டுகளையெல்லாம் அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்துவோம். பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவர் எழும்பி வேறு இருக்கைக்குப் போனால், இறங்கியதும் சட்டைக் கையை முகர்ந்து பார்ப்போம். எங்களிடம் மணம் இருக்கிறது என்று யாராவது சொன்னால் மறுக்க வாய் வராது. ஏற்கெனவே நாங்களே அதைச் சொல்லி வைத்திருந்தோம்.

பள்ளியைப் பொறுப்பெடுத்து நடத்திய அக்காவிடம் கடிதத்தைக் கொடுத்ததே நான்தான்.

"நீர் என்ன நினைக்கிறீர்?" என்று கேட்டா.

"கொஞ்ச நாளைக்கு நிப்பாட்டுவம் அக்கா. இடம் போனா வேற இடம் எடுக்கேலாது."

"மூலையில வைக்கிற நாலு ரோல்ஸ் பூட்டின அலுமாரிக்குள்ள போகுமே? பூட்டைத் திறந்துகொண்டு போகுதோ?"

அவவின் கேள்வி சரியான கேள்வி. உயிரியல் படிப்பித்தவள் கேட்டிருக்க வேண்டிய கேள்வி. ஆனாலும் அந்தச் சனிக்கிழமை முதல் பிள்ளைகளுக்கு பிஸ்கட்டும் ஜூஸும் கொடுத்தோம். ரோல்ஸுக்காகவே தமிழ் படிக்க வந்த பிள்ளைகள் சிலர் இருந்தார்கள். அவர்களின் முகங்களைப் பார்க்க முடியவில்லை.

இரண்டு சனிக்கிழமைகள் போயின. ரோல்ஸ் இல்லை, வடை இல்லை. மூன்றாவது செவ்வாய் அலுமாரியைத் திறந்தேன். அதே வாடை. இன்னும் கனமாக.

விடை வந்தது எங்கள் வீட்டில். என் கணவர் ஹவுன்ஸ்லோவுக்கு அந்தப் பக்கம், விமான நிலையத்தில் வேலை செய்தார். ஞாயிறு தோறும் சிநேகிதர்களோடு பட்மின்டன். ஒரு நைலோன் பை வைத்திருந்தார். நனைந்த சேர்ட், துவாய், சப்பாத்து எல்லாம் அதற்குள் போய் சிப் பூட்டப்பட்டு, காரின் பின்பெட்டியில் அடுத்த ஞாயிறு வரை தவம் இருக்கும். காருக்குள் மணக்கிறது என்று நான் சண்டை பிடித்ததால், அந்த ஞாயிறு பையை வீட்டுக்குள் கொண்டு வந்தார்.

எங்கள் ஃபிளாட்டில் சுடுதண்ணீர்த் தொட்டி இருக்கும் ஒரு சின்ன அலுமாரி இருந்தது. எப்போதும் இளஞ்சூடு. மாரிகாலத்தில் தோசை மாவு புளிக்க அந்த ஒரே இடம்தான். சமையலறையில் வைத்தால் இரண்டு நாளானாலும் மா கல் மாதிரி இருக்கும். இதற்குள் வைத்தால் ஒரு பொழுதில் பொங்கி நிற்கும்.

திங்கட்கிழமை பின்னேரம் மாவை எடுக்கக் கதவைத் திறந்தேன். மாச் சட்டிக்குப் பக்கத்தில் அவருடைய பை. மண்டபத்து அலுமாரியே எழுந்து வந்து எங்கள் வீட்டில் நிற்பது போல இருந்தது. லாவண்டர் மட்டும்தான் இல்லை.

"இஞ்சாருங்கோ! இதை ஏன் இஞ்ச வைச்சனீங்கள்?"

"காயட்டும் எண்டுதான். சூடான இடம்தானே?"

"சிப்பைப் பூட்டி வைச்சா எப்பிடிக் காயும்?"

"நீர்தானே காருக்குள்ள வைக்க வேண்டாம் எண்டனீர்? உம்மட மா மட்டும் இருக்கலாம், என்ர பை இருக்கக் கூடாதோ?"

கோபத்தில் பையை இழுக்கக் குனிந்தவள், சட்டியையும் அதையும் மாறி மாறிப் பார்த்தேன். மாவும் பையும். இரண்டுக்கும் ஒரே சூடு, ஒரே ஈரம், ஒரே மூடின இடம். இரண்டும் ஒரு நாளில் புளித்திருக்கின்றன. வியர்வைக்கு வடியும்போது பெரிய மணம் கிடையாது. அதையும் தோலிலிருந்து வரும் எண்ணெயையும் உதிரும் தோலையும் தின்னும் நுண்ணுயிர்கள்தான் மணத்தை உண்டாக்குகின்றன. அவற்றுக்கு வேண்டியது ஈரமும் நேரமும். கூடவே சூடும் கிடைத்தால் கொண்டாட்டம். பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இதை நான் எத்தனை தடவை படிப்பித்திருப்பேன்.

அடுத்த நாள் ஏழரைக்கே மண்டபத்துக்குப் போனேன். பாய்களையெல்லாம் வெளியே எடுத்து அலுமாரியின் பின்சுவரைத் தடவினேன். வெப்பக் குழாய் ஒன்று அதற்குள்ளால் ஓடிக்கொண்டிருந்தது. கை வைக்க முடியாத சூடு. வெயில்காலத்தில் குளிர்ந்து கிடந்ததால் யாருக்கும் தெரியவில்லை. ஒரு பாயை விரித்தேன். வெளிச்சுற்று காய்ந்திருந்தது. நடுச்சுற்றில் விரல் வைத்தபோது பிசுபிசுத்தது. வியாழன் தெளித்த தண்ணீர் ஐந்து நாளாகியும் அந்தக் குழிகளுக்குள் இருந்தது. லாவண்டர் எண்ணெயும் கழுவிப் போகாத சவர்க்காரமும் மேலே படலமாகப் படிந்து, அழுக்கைப் பிடித்து வைத்திருந்தன.

ஆனால் நம்புவதும் நிரூபிப்பதும் வேறு. அன்றைக்கு வகுப்பு முடிந்ததும் மூன்று பாய்களைத் தெரிந்தெடுத்து வீட்டுக்குக் கொண்டு போனேன். குளிக்கும் தொட்டியில் இளஞ்சூட்டுத் தண்ணீர் விட்டு, பாத்திரம் கழுவும் திரவம் சில துளி சேர்த்து, இரண்டு பக்கமும் பஞ்சால் தேய்த்து, நுரை போகும்வரை அலசினேன். பாயை ஒரு பெரிய துவாயோடு சேர்த்துச் சுருட்டி, அதன் மேல் ஏறி நடந்தேன். துவாய் தண்ணீரைக் குடித்துவிடும். பிறகு உடுப்புக் காயவிடும் சட்டத்தில் போட்டு யன்னலைக் கொஞ்சம் திறந்து வைத்தேன். ஹீட்டருக்கு மேலே போடவில்லை. அந்தச் சாமான் சூட்டில் இறுகி வெடிப்பு விடும். முழுக்கக் காயப் புதன் இரவு வரை எடுத்தது. மூன்றிலும் வாடை இல்லை.

வியாழன் வகுப்புக்கு அந்த மூன்றையும் கொடுத்தேன். முடிந்ததும் ஒன்றை அம்மா வழமைபோலத் தெளித்துச் சுருட்டினார். இரண்டாவதை நான் சவர்க்காரத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்து, பிறகு வெறும் தண்ணீரில் பிழிந்த துணியால் துடைத்து, ஈரத்தோடேயே சுருட்டினேன். மூன்றாவதையும் அதே மாதிரித் துடைத்தேன். ஆனால் மேடைக்குப் பின்னால் இரண்டு கதிரைகளுக்கு மேல் விரித்துவிட்டு, அடுத்த நாள் காலை இரண்டு பக்கமும் காய்ந்ததா என்று தடவிப் பார்த்த பிறகே சுருட்டினேன். மூன்றையும் அதே அலுமாரியில் வைத்தேன்.

செவ்வாய்க்கிழமை எடுத்துப் பார்த்தபோது, முதலிரண்டு பாய்களும் புளித்திருந்தன. லாவண்டர் தெளித்தது இரண்டாவதை விட மோசம். மூன்றாவதில் பச்சை ரப்பர் மணம் தவிர ஒன்றுமில்லை.

சந்தோஷம் ஒரு நிமிடம்தான் இருந்தது. இதை யாரிடம் சொல்ல வேண்டும் என்று பிறகுதான் நினைத்தேன். அந்த மண்டபத்தில் எனக்காகப் பேசிய ஒரே ஆளிடம் போய், பிழை உங்கள் போத்தலில் இருக்கிறது என்று சொல்ல வேண்டும்.

வகுப்பு தொடங்க முன் மூன்று பாய்களையும் அவர் முன்னால் விரித்தேன். "தயவு செய்து முகர்ந்து பாருங்கள்" என்றேன். ஒவ்வொன்றாகக் குனிந்து முகர்ந்தார். எது எது எப்படிச் செய்தது என்று சொன்னேன். என் ஆங்கிலம் தடுமாறியது. ஆனால் பக்டீரியா, பூஞ்சணம், ஆவியாதல் என்ற இடங்களில் தடுமாறவில்லை. அந்தச் சொற்களை நான் ஆங்கிலப் புத்தகங்களில்தான் படித்திருந்தேன்.

அவர் முதல் பாயை இன்னொரு தரம் முகர்ந்தார். "அப்படியென்றால் நான்தான்" என்றார்.

"குழாயும்" என்றேன். "மழையும்."

"இல்லை. நான்தான்." அன்றைக்கு வகுப்பில் அவர் குரல் சுருதி இறங்கியே இருந்தது. போகும்போது எனக்கு வணக்கம் சொல்லவில்லை. வியாழனும் அப்படித்தான். தெளிக்கவில்லை, துடைக்கவில்லை, பாய்களை விரித்தபடி விட்டுவிட்டுப் போனார். பேசாமல் இருந்திருக்கலாமோ என்று நான் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

"உண்மையைத்தானே சொன்னனீர்" என்றார் கணவர்.

"உண்மையைச் சொன்னா மனிசர் நோக மாட்டினமோ?"

அடுத்த கிழமை அம்மா ஒரு கட்டு நைலோன் கயிற்றோடு வந்தார். எனக்குப் பிறகுதான் தெரிந்தது, இடையில் மண்டபக் குழுக் கூட்டத்துக்குப் போயிருக்கிறார். சனிக்கிழமை ஆட்களுக்கும் வாடைக்கும் சம்பந்தமில்லை, பாய்களை ஈரத்தோடு சுருட்டியது தான்தான், அந்தக் கடிதத்தைத் திரும்பப் பெற வேண்டும் என்று எழுந்து நின்று சொல்லியிருக்கிறார். இதைக் கண்டுபிடித்தது யார் என்பதையும் சொல்லியிருக்கிறார்.

என்னிடம் அவர் அதைப் பற்றிப் பேசவில்லை. கயிற்றின் ஒரு முனையை என் கையில் தந்து, "எங்கே கட்டலாம்?" என்றார். பிறகு, என்னைத் தெரிந்து இத்தனை மாதத்தில் முதல் தடவையாக, "இங்கே வர முதல் நீங்கள் என்ன வேலை செய்தீர்கள்?" என்று கேட்டார்.

தபால்காரர் மன்னிப்புக் கேட்கவில்லை. சொல்லாமல் கொள்ளாமல் வந்து, மேடைக்குப் பின்னால் இரண்டு சுவரிலும் கொளுக்கிகள் அடித்தார். அலுமாரிக் கதவின் மேலும் கீழும் காற்றுப் போகத் துளைகள் போட்டார். குழாய்க்கு உறை சுற்றினார். வேலை முடிந்ததும் "சரி" என்றார். அவ்வளவுதான்.

பன்னிரண்டு பாய்களையும் மூன்று மூன்றாக என் வீட்டுக் குளியல் தொட்டியில் கழுவி எடுத்தேன். பழைய வாடை விடாத பாய்களுக்கு, அலசும் தண்ணீரில் கொஞ்சம் வெள்ளை வினாகிரி சேர்த்தேன். காயக் காய வினாகிரியின் மணமும் போய்விடும். ஒரு பாயில் கரும்புள்ளிகள் உள்ளே வரை இறங்கியிருந்தன. எத்தனை தரம் கழுவியும் போகவில்லை. அதை எறிந்தோம். மற்றப் பதினொன்றும் பிழைத்தன. அதன் பிறகு ஒவ்வொருவரும் தன் பாயைத் தானே துடைத்துக் கயிற்றில் போட்டுவிட்டுப் போவது வழக்கமானது. நான் அடுத்த நாள் தடவிப் பார்த்துத் தளர்வாகச் சுருட்டுவேன்.

கணவரின் பையோடு ஒரு ஞாயிறு முழுக்க மல்லுக்கட்டினேன். உள்ளே கிடந்ததையெல்லாம் கொட்டி, பையை உட்புறம் வெளியாகத் திருப்பிக் கழுவியும் மணம் நின்றது. கடைசியில் அடியில் கை விட்டபோது, பை விறைப்பாக நிற்க வைத்திருந்த மட்டை அகப்பட்டது. தண்ணீர் குடித்து ஊதிப் போய், ஓரமெல்லாம் பூஞ்சணம். அதை எறிந்துவிட்டு, பழைய பிளாஸ்டிக் வாளியின் மூடியை அளவாக வெட்டிப் போட்டேன். காய்ந்த பைக்குள் அப்பச்சோடாவைத் தூவி ஒரு இரவு வைத்து, காலையில் தட்டினேன்.

"இனி வந்தவுடன சிப்பைத் திறவுங்கோ. ஈரத்தை உடன வெளியில எடுங்கோ. சப்பாத்துக்குள்ள பேப்பர் வையுங்கோ. பையைத் திறந்தபடி தொங்கவிடுங்கோ."

"ஓம் டீச்சர்" என்றார். கேலியாகத்தான். ஆனால் அந்தச் சொல்லை யாராவது என்னைப் பார்த்துச் சொல்லி ஐந்து வருடமாகியிருந்தது. நான் குளியலறைக்குள் போய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன்.

மண்டபக் குழு கடிதத்தைத் திரும்பப் பெற்றதும் தமிழ்ப் பள்ளியில் ரோல்ஸ் திரும்பி வந்தது. எல்லோரும் பழையபடி ஆகவில்லை. ஒரு தாய் மட்டும் கடைசி வரை பிஸ்கட்தான் கொண்டு வந்தா. "எதுக்கு வீண் கதை" என்பா. அவவை நான் வற்புறுத்தவில்லை. பொறுப்பான அக்காவிடம் மன்னிப்புக் கேட்டேன். "நீர் பயந்தனீர். நானும்தான்" என்றா.

யோகா அம்மாவோடு அதற்குப் பிறகு நான்கு வருடங்கள். வகுப்பு முடிந்தபின் பாய்கள் கயிற்றில் தொங்க, நாங்கள் இருவரும் மேடைப் படியில் இருந்து தேநீர் குடிப்போம். அந்த அரை மணி நேரம்தான் லண்டனில் எனக்கு முதலில் கிடைத்த சொந்த நேரம் என்று இப்போது தோன்றுகிறது. அவர் தவளையின் இதயத்துக்கு எத்தனை அறைகள் என்று கேட்பார். நான் சொல்வேன். ஒருநாள் உள்ளூர்ப் பாடசாலை ஒன்றின் ஆய்வுகூட உதவியாளர் வேலைக்கான விண்ணப்பப் படிவத்தைக் கொண்டு வந்தார். மூன்று பாய்களின் கதையை அதில் எழுதச் சொன்னார். எனக்குச் சிரிப்பாக இருந்தது. எழுதினேன். நேர்முகத்தில் அதைப் பற்றித்தான் அதிகம் கேட்டார்கள்.

மண்டபத்தில் என் கடைசி வியாழன். நிலம் துடைத்து, பாய்களை விரித்து முடித்தபோது, அம்மா ஒரு பாயைக் காட்டி, "இன்றைக்கு இது உங்களுடையது" என்றார். கோட்டைக் கழற்றி வைத்துவிட்டுப் படுத்தேன். ஒரு பக்கம் தாதி, மறு பக்கம் பஸ் சாரதி. எனக்குக் கை எட்டவில்லை, முழங்கால் மடங்கவில்லை. என்னை ஒருவரும் திருத்தவில்லை. கடைசியில் கண்ணை மூடி அசையாமல் கிடக்கச் சொன்னார். மழை கூரையில் விழுந்துகொண்டிருந்தது. நான் அயர்ந்து தூங்கிவிட்டேன்.

எழுந்தபோது மண்டபம் காலி. மற்றவர்கள் தங்கள் பாய்களைத் துடைத்துக் கயிற்றில் போட்டுவிட்டுச் சத்தமில்லாமல் போயிருந்தார்கள். அம்மா மட்டும் பக்கத்தில் ஒரு கதிரையில், பிழிந்த துணியை மடியில் வைத்துக்கொண்டு, நான் எழும்பும்வரை காத்திருந்தார்.